யார் சொன்னது?

கே: தடையாணை மனுவுக்கு அபிடவிட் எழுதினேன். 'மேற்கண்டவை யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை' என்று முடித்தேன். பிராக்டிகல் பேப்பரில் மார்க் குறைத்துவிட்டார்களே?
- சட்ட மாணவி, ராஜபாளையம்

ப: எது அறிவு, எது நம்பிக்கை என்று நீதிபதியே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்கள்! உங்கள் மனுவின்படி மனுதாரர் குடியிருப்பது ராஜபாளையத்தில். இடமும் வழக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில். பத்திரம் அவர் பெயரில் இருப்பது அவருக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் அஸ்திவாரம் தோண்டுவதை அவர் பார்த்தாரா? மைத்துனர் போனில் சொன்னார். அப்படியானால் மெய்ப்புரை இப்படி இருக்க வேண்டும்: '1 முதல் 4 வரையிலான பத்திகள் எனக்கு நேரடியாகத் தெரிந்தவை. 5-வது பத்தி, இன்ன தேதியில் என் மைத்துனர் இன்னார் நேரில் பார்த்துத் தெரிவித்தது. அதை உண்மையென நம்புகிறேன்.'

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 19, விதி 3 இடைக்கால மனுவில் மட்டும் நம்பிக்கையையும் எழுத இடம் தருகிறது. ஆனால் அதற்கு ஆதாரம் சொல்ல வேண்டும். 1952-இல் பம்பாய் அரசின் உள்துறைச் செயலாளரே உங்களைப் போல எழுதிவிட்டு உச்ச நீதிமன்றத்தில் குட்டு வாங்கினார். ஆக, உங்களுக்குக் கூட்டாளி பெரிய இடம்தான்.

இன்னொன்று. மனுதாரர் கையெழுத்துப் போட்டது ராஜபாளையத்தில் என்றால், கோர்ட் அங்கே இருக்கிறது என்பதற்காக 'ஸ்ரீவில்லிபுத்தூரில் கையொப்பமிட்டேன்' என்று எழுதாதீர்கள். பால்கோவாவுக்குத்தான் அந்த ஊர்ப் பெயர் கட்டாயம்.