பெரியப்பாவுக்கு ஒரு வழிக் கடுதாசி: கேள்வி – பதில்

பெரியப்பா இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறார். வழியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக?
– தம்பி மகள், இரத்தினபுரி

புத்தகங்களில் எழுத்து சாதாரணமாக 11, 12 புள்ளி அளவில் இருக்கும். வயதானவர்களுக்கான பெரிய எழுத்துப் புத்தகம் என்றால் 16, 18. காருக்கு அதுவும் போதாது. 24-க்குக் கீழே இறங்காதீர்கள். 28 என்றால் இன்னும் நல்லது.

காரணம் பெரியப்பாவின் கண்ணாடியில் இருக்கிறது. அதன் மேல்பாதி தூரத்துச் சாலைக்கு, கீழ்ப்பாதி கையில் பிடிக்கும் பேப்பருக்கு. கையில் பிடிக்கும் பேப்பர் நாற்பது சென்ரிமீற்றரில் இருக்கும். டாஷ்போர்டில் ஒட்டிய கடுதாசி எழுபதில் இருக்கும். இரண்டு பாதிக்கும் சொந்தமில்லாத தூரம் அது. சாலையில் தொலைவில் வரும் லொறியின் நம்பரைப் படிப்பவர், மூக்குக்கு முன்னால் இருக்கும் "பலாங்கொடை"யைப் படிக்க முகவாயை உயர்த்திக் கூரையைப் பார்ப்பார். பின்னால் வருபவன் சாமி கும்பிடுகிறார் என்று நினைப்பான்.

ஆகவே சோதனையைக் காரிலேயே வையுங்கள். இன்ஜினை நிறுத்தி, ஓட்டும்போது போடும் கண்ணாடியோடு அவரை உட்கார வைத்து, கடுதாசியை ஒட்டிச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முன்னால் குனிந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். தடித்த எழுத்து நல்லதுதான், ஆனால் அளவு மீறித் தடித்தால் ண, ன, ள மூன்றின் சுழியும் அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும், புள்ளியும் காணாமல் போகும். பளபளக்கும் தாள் வேண்டாம். வெயில் பட்டால் அதில் தெரிவது கண்ணாடிக்கு வெளியே இருக்கும் வானம்தான்.

கையாலேயே எழுதிக் கொடுக்கலாமா?
– அதே தம்பி மகள்

உங்கள் கடிதத்தை மூன்று பேர் சேர்ந்து வாசித்தோம். வேண்டாம்.

நான் வழியை விவரமாக, வளைவு வளைவாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். சரிதானே?
– பொறுப்புள்ள மகன், குருவிட்டை

இரண்டு பக்கமா? தம்பி, உங்கள் அப்பா கார் ஓட்டப் போகிறாரா, பரீட்சை எழுதப் போகிறாரா? மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு விநாடியில் 11 மீற்றர் ஓடும். கடுதாசியை இரண்டு விநாடி பார்த்தால் 22 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு போன கணக்கு. உங்கள் இரண்டு பக்கத்தை முடிக்கும்போது அவர் பலாங்கொடையைத் தாண்டியிருப்பார், அல்லது வேறு எதையாவது தாண்டியிருப்பார்.

வளைவுகளைச் சாலையே சொல்லிக் கொடுக்கும். ஓட்டுபவர் முடிவெடுக்க வேண்டிய இடத்தை மட்டும் எழுதுங்கள். இரத்தினபுரி டவுனைத் தாண்டிவிட்டால் பலாங்கொடை வரை ஏ4 என்ற ஒரே பெருஞ்சாலை. பெரிய முடிவு ஒன்றே ஒன்று: பெல்மதுளைச் சந்தி. அங்கே ஏ18 பிரிந்து காவத்தை வழியாக எம்பிலிபிட்டிக்குப் போகிறது. கடுதாசி இவ்வளவுதான்:

1. பெல்மதுளை வரை நேரே. ஏறக்குறைய 20 கி.மீ.
2. பெல்மதுளைச் சந்தி: "பலாங்கொடை" பலகை காட்டும் பக்கம்.
3. ஓப்பநாயக்க வந்தால் சரி.
4. காவத்தை வந்தால் பிழை. ஓரமாக நிறுத்தி, பெல்மதுளைக்குத் திரும்பவும்.
5. பலாங்கொடை.

மூன்றாவதும் நாலாவதும்தான் கடுதாசியின் உயிர். சரியான பாதையில் போகும் கிழவருக்குத்தான் சந்தேகம் அதிகம் வரும். பத்து நிமிடம் எந்த அடையாளமும் வராவிட்டால் நல்ல பாதையிலிருந்தே திரும்பிவிடுவார். பிழையான பாதையில் போகிறவரோ எம்பிலிபிட்டி வரை தன்னம்பிக்கையோடு போவார். இரண்டு பேரையும் ஒவ்வொரு ஊர்ப் பெயர் காப்பாற்றும்.

இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் பெரிய அம்புக்குறி போடுங்கள், ஆனால் வீட்டில் உட்கார்ந்து போடாதீர்கள். ஒருநாள் நீங்களே பெல்மதுளைக்குப் போய், சந்தி இப்போது எப்படி இருக்கிறது, பலகை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து போடுங்கள். "திரும்பவும்" என்று எழுதியதைக் கவனித்தீர்களா? "திரும்பு" என்று எழுதினால், சின்னப் பையன் எனக்குக் கட்டளையிடுவதா என்று நேரே போய்விடுவார்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1675-இல் ஜோன் ஒகில்பி என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சாலைகளை நீளநீளப் பட்டிகளாக வரைந்து புத்தகம் போட்டார். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். போகிற சாலை, பிரிகிற சாலை, பாலம், ஊர் இவையே பட்டியின் சாரம். நாட்டின் மிச்சத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டார். இதை நம் கலியாணக் கார்டின் பின்பக்கத்தில் எறும்பு அளவில் வழி வரைபடம் போடுகிறவர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

என்னென்ன அடையாளங்களை எழுதலாம்?
– மருமகள், காவத்தை

உங்களுக்குத் தெரிந்தவை வேண்டாம், அவருக்குத் தெரிந்தவை வேண்டும். கொழும்பிலிருந்து லீவில் வரும் பிள்ளைகள் "நீலக் கலர் பேக்கரிக்குப் பக்கத்தில்" என்று எழுதுவார்கள். பேக்கரி அடுத்த வருசம் மஞ்சளாகும், அதற்கடுத்த வருசம் போன் கடையாகும். பாலம், பெற்றோல் ஷெட், கோயில், பன்சலை ஆகியவை அவ்வளவு சீக்கிரம் நிறம் மாறி ஓடாது.

பெரியவரை வாய்திறந்து வழி சொல்லச் சொல்லிப் பாருங்கள். "ரயில் கடைசியாக நிற்கும் ஊர்" என்பார். அவர் சொல்வது ஓப்பநாயக்க. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக அங்கே வரை ஒரு காலத்தில் சின்னப் பாதை ரயில் ஓடியது. அது நின்று எத்தனையோ வருசமாகிவிட்டது, ஆனால் அவர் தலைக்குள் இன்னும் நேரத்துக்கு வருகிறது. தயங்காமல் எழுதுங்கள்: "ஓப்பநாயக்க (பழைய ரயில் ஊர்)". ஊரில் ரயில் இல்லையே என்று நீங்கள் வாதாடினால் நட்டம் உங்களுக்கு.

போனில் மேப் இருக்கும்போது கடுதாசி எதற்கு?
– நவீன பேரன், எகலியகொடை

கடுதாசிக்குச் சார்ஜ் இறங்காது. அதைவிட, அந்தப் போன் அம்மா "பெல்மதுளை" என்று சொல்லும் விதத்தைக் கேட்டால் பெல்மதுளைக்காரருக்கே ஊர் தெரியாது.

வரும்போது அதே கடுதாசியைத் தலைகீழாகப் பிடித்தால் போதாதா?
– சிக்கனக்காரர், பெல்மதுளை

போதாது, ஐயா. அவர் திரும்பி வரும்போது தேட வேண்டிய பலகை "இரத்தினபுரி". முதல் கடுதாசியின் அம்புக்குறியை மனசுக்குள் இடம்வலம் மாற்றிக்கொண்டு சந்திக்குள் நுழைவது வாலிபனுக்கே வேண்டாத வேலை. தனிக் கடுதாசி, வேறு நிறத்தாள், மேலே கொட்டை எழுத்தில் "வீட்டுக்கு". போகும் தாள் வெள்ளை, வரும் தாள் வெளிர்மஞ்சள்; இரண்டிலும் எழுத்து கறுப்புத்தான்.

தாத்தாவுக்கு 79. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டோம். இனிப் பயமில்லாமல் விடலாமா?
– பேத்தி, பலாங்கொடை

இதற்குச் சிரிப்பு இல்லை, மகள். பெரிய எழுத்து வாசிக்க உதவும், ஓட்ட உதவாது. கண்ணில் வெண்புரை இருந்தால் எதிரே வரும் விளக்கு வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூச வைக்கும். அவருக்கு இரவுப் பயணம் வேண்டாம். புரையை அறுவைச் சிகிச்சையில் நீக்கலாம். கண் அழுத்த நோய் வேறு மாதிரி. பக்கப் பார்வையை மெல்லமெல்லத் தின்னும், நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் அவருக்கே தெரியாது. உங்கள் கடுதாசியைக் கடகடவென்று வாசிப்பார், பக்கத்திலிருந்து வரும் சைக்கிளைப் பார்க்க மாட்டார். அதைக் கண் டொக்டர்தான் கண்டுபிடிப்பார், கூட்டிப் போங்கள்.

ஒருநாள் முன் ஸீட்டில் பேசாமல் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். காரில் புதுக் கீறல்கள் இருக்கின்றனவா? பின்னால் வருகிறவர்கள் அடிக்கடி ஹோர்ன் அடிக்கிறார்களா? நாற்பது வருசம் போன பாதையில் வழி தடுமாறுகிறாரா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் அதற்குக் கடுதாசி மருந்தில்லை. அன்றிலிருந்து அவரைப் பக்கத்து ஸீட்டில் உட்கார வைத்து, நீங்கள் ஓட்டுங்கள். வழியை அவர் சொல்லட்டும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா கடுதாசியை ஒருமுறைகூடப் பார்க்காமல் போய்வந்துவிட்டார்!
– மீண்டும் தம்பி மகள், இரத்தினபுரி

காரில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னீர்களே, அப்போதே மனப்பாடமாகியிருக்கும். ஐந்து வரிதானே! குருவிட்டை மகனின் அப்பா இன்னும் முதல் பக்கத்தில் இருக்கிறார்.