மூடி ஒன்று, பக்கம் இரண்டு

நான் முதன்முதலில் எழுதிய கொட்டேஷன் ஒரே வரி: "கிரைண்டர் மூடி 3டி மாடல், ரூ. 4,000." இப்போது அதே மாதிரி மூடிக்கு இரண்டு பக்கம் எழுதுகிறேன். ஒவ்வொரு வரியும் ஒரு தழும்பு.

கோவையில் வெட் கிரைண்டருக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் சின்னப் பட்டறைக்கு, போன வாரம் ஒரு கொட்டேஷன் போட்டேன். வேலை: கையில் கொடுத்த சாம்பிளை வெர்னியரால் அளந்து, மூடியும் கைப்பிடியும் மாடல் செய்வது. அச்சு டிசைன், விளம்பரப் படம் இதில் சேராது. இதை எழுதாவிட்டால், "அப்படியே ஒரு போட்டோ மாதிரி எடுத்துக் குடுத்துருங்க தம்பி" என்பார்கள்.

ஃபைல் வகை என்ற வரிக்குப் பின்னால் நான்கு இரவுகள் இருக்கின்றன. முன்பொருவருக்கு எஸ்.டி.எல். ஃபைல் கொடுத்தேன். 3டி பிரிண்ட்டுக்கு அது போதும். ஆனால் அது மூடியே அல்ல. மூடியின் மேல்தோலை ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்களாக ஒட்டிய வலை. தன் அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்பதுகூட அதற்குத் தெரியாது. அச்சுக்காரர் திறந்து பார்த்துவிட்டு போன் செய்தார். "பக்கச் சுவருக்கு ஒரு டிகிரி சாய்வு வேணுங்க, இல்லாட்டி பீஸ் அச்சுலயே ஒட்டிக்கும். சாய்க்கலாம்னு பார்த்தா புடிக்கறதுக்கு சுவரே இல்லீங்களே?" முழுதாக மறுபடி மாடல் செய்தேன், இலவசமாக. அன்றிலிருந்து "ஸ்டெப் ஃபைல் தரப்படும், திருத்தும் வசதியுள்ள மூல ஃபைல் தனிக் கட்டணம்" என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

திருத்தம் இரண்டு முறை. என் அளவு தப்பானால் அது கணக்கில் சேராது. உங்கள் மனசு மாறினால் சேரும். "கொஞ்சம்" என்ற சொல்லுக்குத் தனிக் குறிப்பே எழுதியிருக்கிறேன். "விட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்க" என்பது வாடிக்கையாளருக்கு இரண்டு மில்லிமீட்டர். எனக்கோ, அந்த விட்டத்தை நம்பி நின்ற விளிம்பு, பள்ளம், முனை வளைவு எல்லாம் திரையில் வரிசையாகச் சிவப்பாகும் மத்தியானம்.

மொத்தம் ரூ. 12,000. முன்பணம் 6,000, திரைப்படம் பார்த்து ஒப்புக்கொண்டதும் 3,600, ஃபைல் கைமாறுமுன் 2,400. (திரைப்படம் என்றால் ஸ்கிரீன்ஷாட். ஒருவர் வீடியோ எதிர்பார்த்துக் காத்திருந்தார்.) ஃபைல் போன பிறகு பாக்கியை வசூலிப்பது, பந்தி முடிந்தபின் மொய் கேட்பது போல.

முதலாளி நேற்று போன் செய்தார்.

"படிச்சேனுங்க தம்பி, நல்லாருக்கு. 3,600-ஐ மட்டும் 3,000 ஆக்கிருங்க."

மாற்றி அனுப்பினேன். சாயங்காலம், "கடைசித் தவணை அச்சு வந்தப்புறம்னு போட்டுருங்க." மறுத்து, வேறு வார்த்தையில் எழுதி அனுப்பினேன். இன்று காலை வாய்ஸ் மெசேஜ்: "எல்லாஞ் சரிங்க, அந்தக் 'கொஞ்சம்' குறிப்பைக் கொஞ்சம் சின்னதாக்குங்க."

கொட்டேஷனுக்கே மூன்றாவது திருத்தம். அதற்குக் கட்டணம் போட மறந்துவிட்டேன்.