மூழ்கும் நகையின் கணக்கு

நகைக்கடனில் வங்கிக்கு நட்டம் வராது என்பது கிளை மேலாளர் முதல் அடகு வைக்க வரிசையில் நிற்பவர் வரை எல்லாரும் நம்பும் ஒன்று. பொருள் பெட்டகத்தில் இருக்கிறது. கட்டாவிட்டால் ஏலம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். இந்த நம்பிக்கை பல ஆண்டுகளில் உண்மையாகவே இருக்கிறது. சில ஆண்டுகளில் பொய்த்துப்போகிறது. அந்தச் சில ஆண்டுகளின் நட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்கிவைப்பதற்குத்தான் ‘எதிர்பார்க்கும் இழப்பு’ என்ற அளவு இருக்கிறது. அதைத் தவறாகப் போடுவது மிக எளிது என்பதாலும், தவறு எங்கே நுழைகிறது என்பது நகைக்கடனில் தெளிவாகத் தெரிவதாலும், அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சூத்திரம் சின்னது.

EL = PD × LGD × EAD

முதலாவது, கடன் வாங்கியவர் தவறும் வாய்ப்பு. நிலுவை 90 நாளைத் தாண்டினால் தவறியதாகக் கொள்வது வழக்கம். வங்கிகள் இதைப் பெரும்பாலும் ஓராண்டுக்கு அளக்கும். இங்கே கடனின் முழுக் காலத்துக்கும் அளந்துகொள்வோம். கடைசியில் இருப்பது, தவறும் அந்த நாளில் அவர் தரவேண்டிய மொத்தத் தொகை. கொடுத்த அசலை மட்டும் இங்கே எழுதக்கூடாது, ஏறிய வட்டியும் சேரும். நடுவில் இருப்பது, அந்தத் தொகையில் கடைசிவரை கைக்கு வராமல் போகும் பங்கு. ஏலச் செலவைக் கழித்து, பணம் தாமதமாக வருவதற்கான தள்ளுபடியையும் கழித்த பிறகுதான் அந்தப் பங்கு தெரியும்.

ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. நகையின் தங்க மதிப்பு 1,00,000 ரூபாய். செய்கூலியும் சேதாரமும் இதில் இல்லை. மதிப்பீட்டாளர் கல்லைக் கழித்து, தரம் பார்த்து, தங்கத்துக்கு மட்டும் போட்ட மதிப்பு இது. கடன் 75 விழுக்காடு, அதாவது 75,000 ரூபாய். ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி. அசலும் வட்டியும் ஓராண்டு முடிவில் ஒரே தடவையாகக் கட்டவேண்டும். கட்டவில்லை. மேலும் மூன்று மாதம் போகிறது. 15 மாத வட்டி 11,250 ரூபாய். தவறும் நாளில் நிலுவை 86,250 ரூபாய். பதிவேட்டில் 75 என்று பெருமையாக எழுதியிருந்த விகிதம், யாரும் எதுவும் செய்யாமலே 86-ஐத் தாண்டிவிட்டது.

தங்கத்தின் விலை மாறவில்லை என்று வையுங்கள். ஏலத்தில் சந்தை மதிப்பு முழுதும் கிடைக்காது. 90 விழுக்காடு கிடைத்து, அறிவிப்பு, விளம்பரம், ஏலதாரர் கூலி என்று 2,000 ரூபாய் செலவானால் கையில் 88,000 ரூபாய். நிலுவை தீர்ந்தது. மிச்சம் 1,750 ரூபாய். இந்த மிச்சம் வங்கியுடையது அல்ல. நகைக்குச் சொந்தக்காரரிடம் திருப்பித் தரவேண்டிய பணம். விலை ஏறி நகை ஒன்றரை லட்சத்துக்கு ஏலம் போனாலும் வங்கிக்கு நிலுவைக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. ஆக, விலை ஏறும்போது வங்கியின் இழப்பு பூஜ்யத்தில் நின்றுவிடும். இறங்கும்போது கூடிக்கொண்டே போகும். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்த இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் முதல் பிழை இதை மறப்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது விலை 20 விழுக்காடு இறங்கட்டும். இது மிரட்டலுக்காகச் சொல்லும் எண் அல்ல. 2020 ஆகஸ்டில் இந்தியாவில் 10 கிராம் தங்கம் 56,000 ரூபாயைத் தொட்டது. 2021 மார்ச்சில் 45,000 ரூபாய்க்குக் கீழே வந்தது. அந்த 2020 ஆகஸ்டில்தான் வங்கிகள் விவசாயம் சாராத நகைக்கடனில் மதிப்பில் 90 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியது, 2021 மார்ச் 31 வரை. கொரோனா காலத்தில் கையில் காசில்லாத குடும்பங்களுக்கு அது உதவிய முடிவுதான். ஆனால் உச்ச விலையில் உச்ச விகிதத்தில் வாங்கிய கடனில், வட்டியைக் கணக்கில் எடுக்காமலே, சில மாதங்களில் அசல் நகையின் மதிப்பைத் தாண்டிவிட்டது.

நமது 75 விழுக்காட்டுக் கடனுக்கே திரும்புவோம். நகை இப்போது 80,000 ரூபாய். ஏலத்தில் 72,000, செலவு போக 70,000. நிலுவை 86,250. இழப்பு 16,250 ரூபாய். நிலுவையில் ஏறத்தாழ 19 விழுக்காடு.

இதே போன்ற 1,000 கடன்கள் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. விலை நிலையாக இருக்கும் காலத்தில் 100-க்கு 3 பேர் நகையை மீட்பதில்லை என்றும், விலை 20 விழுக்காடு இறங்கினால் 15 பேர் மீட்பதில்லை என்றும், அப்படி இறங்குவது ஐந்து கடன்சுற்றுக்கு ஒரு முறை என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று பேர் பதினைந்து பேர் ஆவது ஏன் என்றால், 80,000 ரூபாய் நகைக்கு 86,250 ரூபாய் கட்டி மீட்க எல்லாரும் முன்வருவதில்லை. தாலியையும் பாட்டி கொடுத்த அட்டிகையையும் எப்பாடுபட்டாவது மீட்பார்கள். காசு சேர்த்து வாங்கிய வளையலை மூழ்கவிடுவார்கள்.

பலரும் கணக்குப் போடும் விதம் இது. சராசரி விலை இறக்கம் 4 விழுக்காடு. ஆகவே சராசரி நகை 96,000 ரூபாய். ஏலத்தில் செலவு போக 84,400. இழப்பு 1,850 ரூபாய். சராசரியாகத் தவறுவோர் 5.4 விழுக்காடு. பெருக்கினால் கடனுக்கு ஏறத்தாழ 100 ரூபாய். 1,000 கடனுக்கு 99,900 ரூபாய். இது தவறு.

சற்றுக் கவனமான ஒருவர், விலையைச் சராசரி ஆக்காமல் இழப்பைச் சராசரி ஆக்குவார். நான்கு சுற்றில் இழப்பு பூஜ்யம், ஒன்றில் 16,250, சராசரி 3,250. அதை 5.4 விழுக்காட்டால் பெருக்கினால் 1,000 கடனுக்கு 1,75,500 ரூபாய். திறந்த பக்கம் இப்போது கணக்கில் வந்துவிட்டது. ஆனாலும் இதுவும் தவறு.

சரியான கணக்கை நிலைமை நிலைமையாகப் போடவேண்டும். நல்ல சுற்றில் 30 பேர் தவறுகிறார்கள், இழப்பு பூஜ்யம். கெட்ட சுற்றில் 150 பேர் தவறுகிறார்கள், ஒவ்வொருவராலும் 16,250 ரூபாய் போகிறது. மொத்தம் 24,37,500 ரூபாய். இதில் ஐந்தில் ஒரு பங்கு 4,87,500 ரூபாய். இதுதான் எதிர்பார்க்கும் இழப்பு. முதல் கணக்கைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இரண்டாவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டாவது கணக்கில் விட்டுப்போனது, தவறுவோர் பெருகுவதும் இழப்பு பெருகுவதும் ஒரே சுற்றில் நடக்கின்றன என்ற உண்மை. தங்கத்தின் விலை என்ற ஒரே கை இரண்டையும் இழுக்கிறது. தனித்தனியாகச் சராசரி எடுத்துப் பிறகு பெருக்கும்போது அந்தக் கை கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அப்படியானால் மூன்றை வெறுமனே பெருக்கும் சூத்திரமே பொய்யா? பொய்யில்லை. நடுவில் உள்ள எண்ணை எப்படிச் சராசரி எடுக்கிறோம் என்பதில் அதன் உயிர் இருக்கிறது. சுற்றுகளுக்குச் சம இடம் கொடுக்காமல், தவறிய கடன்களுக்குச் சம இடம் கொடுக்கவேண்டும். ஐந்து சுற்றில் தவறியவர்கள் 270 பேர்; நல்ல நான்கு சுற்றில் 120, கெட்ட ஒன்றில் 150. மொத்த இழப்பு 24,37,500 ரூபாய்; தவறிய ஒருவருக்கு 9,028 ரூபாய். இதைச் சராசரி 54 பேரால் பெருக்கிப் பாருங்கள், அதே 4,87,500 ரூபாய் வரும். பேசல் குழு 2004-இல் வெளியிட்ட விதிகள், தன் சொந்த மதிப்பீட்டை வைத்துக் கணக்கிடும் வங்கியிடம் இதையேதான் கேட்டன: இழப்புப் பங்கு, தவறிய கடன்களை எடையாகக்கொண்ட நீண்டகாலச் சராசரிக்குக் கீழே போகக்கூடாது, தவறுவதும் இழப்பதும் சேர்ந்து ஏறும் கடன்களுக்கு நெருக்கடிக் கால நிலவரத்தையும் அது காட்டவேண்டும். இதை வெறும் கெடுபிடி என்று நினைப்பவர்கள் மேலே உள்ள மூன்று விடைகளையும் ஒரு தடவை கையால் போட்டுப் பார்க்கட்டும்.

எதிர்பார்க்கும் இழப்பு என்ற பெயரை நம்பி, இந்தத் தொகை ஆண்டுதோறும் வந்துபோகும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. நமது நிறுவனம் எந்தச் சுற்றிலும் 4,87,500 ரூபாய் இழக்காது. நான்கு சுற்றில் ஒன்றும் இழக்காது. ஐந்தாவதில் இருபத்து நான்கு லட்சத்துக்கு மேல் இழக்கும். ஆகவே இந்தத் தொகையை ஒவ்வொரு சுற்றின் வட்டியிலிருந்தும் ஒதுக்கவேண்டும். அதற்கு மேல் ஒரே அடியாக விழுவதைத் தாங்க முதலீட்டாளர்களின் மூலதனம் இருக்கவேண்டும். நல்ல நான்கு சுற்றின் லாபத்தை முழுதாகப் பங்கு பிரித்துக் கொடுத்த நிறுவனத்திடம் ஐந்தாவதில் கொடுக்க எதுவும் இருக்காது.

எண்கள் சரியான முறையில் பெருக்கப்பட்டும் விடை கெடுவதுண்டு. உள்ளே போகும் எண்ணே கெட்டிருக்கும். நகைக்கடனில் இதற்குப் பெரிய வழி புதுப்பித்தல். தவணை முடிந்தவர் வட்டியை மட்டும் கட்டுவார். சில இடங்களில் அதையும் கட்டாமல், ஏறிய கிராம் விலைக்குப் புதிய கடன் போட்டு, அதிலிருந்தே பழையதை முடிப்பார்கள். பதிவேட்டில் பழைய கடன் நேர்மையாகத் தீர்ந்ததாக இருக்கும். தவறுவோர் விழுக்காடு குறைந்து தெரியும். நிலுவையோ வட்டியையும் விழுங்கிக்கொண்டு வளரும். விலை ஏறும்வரை இது ஓடும். இறங்கிய அன்று புதுப்பிக்க இடமில்லாமல், பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட தவறுகள் எல்லாம் ஒரே காலாண்டில் வந்து நிற்கும். 2024 செப்டம்பர் 30 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி, கடன் விகிதத்தைக் கண்காணிப்பதில் தளர்ச்சி, ஏலத்தில் வெளிப்படைத்தன்மை இன்மை, தவணை முடிவில் கடனைப் புரட்டிவிடுதல் ஆகியவற்றை நிறுவனங்களிடம் கண்டதாகச் சொன்னது. 2025 ஜூனில் வந்த விதிகள், ஒரே தடவையாகக் கட்டும் கடனில் முடிவில் தரவேண்டிய வட்டியையும் சேர்த்தே விகிதத்தைப் பார்க்கச் சொல்கின்றன. நமது கணக்கில் 75 ஓசையில்லாமல் 86 ஆன அந்த ஓட்டையை அடைக்கும் விதி இது, நல்ல விதி. அதே விதிகள் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு 85 விழுக்காடு வரை அனுமதிக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு இருக்கிறதோ, கூட்டுறவுச் சங்க இயக்குநருக்கோ தணிக்கையாளருக்கோ, அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இழப்பு விகிதம் என்று ஒரு எண்ணை நீட்டினால், அது எந்தெந்த ஆண்டுகளில் தவறிய கடன்களிலிருந்து எடுத்தது, தங்கம் இறங்கிய ஓர் ஆண்டாவது அதில் உண்டா, புதுப்பித்த கடன்களை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.