ஆஸ் சார்

ஹுத்தான் மெலிந்தாங்கில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் இவர் இருப்பார். ஒரே ஆள் எல்லாக் கடையிலும் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. இது ஒரு வகை. பணி ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார், சட்டைப்பையில் சிவப்புப் பேனா, முன்னால் சீனி குறைத்த தே தாரேக். ஊர் இவருக்கு வைத்த பெயர் ‘ஆஸ் சார்’.

பெயர்க்காரணம் எளிது. பக்கத்து மேசையில் செம்பனை லோரி ஓட்டும் தம்பி கைப்பேசியில், “லைக் ஐ செட், பாஸ், ரோடு ஜாம்” என்று சொன்னால் போதும். சார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். “ஆஸ் ஐ செட்!” ரோடு ஜாம் அப்படியேதான் இருக்கும், தம்பியின் இலக்கணம் மட்டும் திருந்தியிருக்கும்.

சாரின் சட்டம் இரண்டே வரி. ‘லைக்’குக்குப் பின்னால் பெயர் மட்டும் வரலாம்: லைக் ஹெர் மதர், அம்மாவைப் போல. வினைச்சொல்லோடு ஒரு வாக்கியமே வந்தால் ‘ஆஸ்’தான்: ஆஸ் ஐ செட், நான் சொன்னது போல. மாணவர்கள் தடுமாறுவது எங்கே என்று இங்கேயே தெரிகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘போல’; மலாயிலும் பேச்சில் ஒரே ‘மாச்சாம்’. ஒற்றைச் சொல்லில் குடும்பம் நடத்தி வந்தவனிடம் ஆங்கிலம் திடீரென்று இரண்டு சாவி கேட்கிறது.

ஆனால் வெள்ளைக்காரனே அந்தச் சாவிகளை மாற்றிப் போட்டுத்தான் திறக்கிறான் என்பதைச் சாரிடம் சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியர் ‘லைக்’குக்குப் பின் வாக்கியம் வைத்திருக்கிறார். டார்வினும் அப்படியே. 1954இல் அமெரிக்காவில் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் ‘லைக் எ சிகரெட் ஷுட்’ என்று வந்தபோது இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட் அதை விளம்பரத்தில் அப்படியே படிக்க மறுத்து ‘ஆஸ்’ என்று மாற்றிச் சொன்னதாகக் கதை. கம்பெனியோ கோபத்தையும் விளம்பரமாக்கிக் கொண்டது. உங்களுக்கு நல்ல இலக்கணம் வேண்டுமா, நல்ல சுவை வேண்டுமா என்று பிறகு ஒரு விளம்பரத்தில் கேட்டே விட்டது. நுரையீரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சண்டை முழுக்க ஒரு சொல்லைப் பற்றித்தான்.

இன்றைய நிலவரம் இது. பேச்சிலும் வாட்ஸாப்பிலும் ‘லைக் ஐ செட்’ தடையின்றிப் போகும். கதையில் ஒரு பாத்திரம் பேசினாலும் போகும். கோயில் கமிட்டி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதத்திலும் எஸ்பிஎம் 1119 கட்டுரையிலும் ‘ஆஸ்’ போடுவதுதான் பாதுகாப்பு. திருத்துகிறவர் யாராக இருப்பார் என்று தெரியாதே! ‘ஆஸ் யூஷுவல்’ போன்ற நிலைத்த தொடர்களில் சொல்லை மாற்றாமல் விடுவது நல்லது. கடைக்காரப் பையன் “லைக் யூஷுவலா சார்?” என்று கேட்டால் தே தாரேக் ஆறுகிற வரை வகுப்பு நடக்கும்.

சாரின் உண்மையான ஆபத்து வேறு. பயந்துபோன சீடர்கள் ‘லைக்’ இருக்கிற இடமெல்லாம் வெட்டி ‘ஆஸ்’ நடுகிறார்கள். பெயருக்கு முன்னால் இரண்டுக்கும் பொருள் வேறு. ‘லைக் எ ஃபாதர்’ என்றால் அப்பாவைப் போல; ‘ஆஸ் எ ஃபாதர்’ என்றால் அப்பாவாகவே.

ஒரு கிராணியின் பணி ஓய்வு விருந்து. தோட்டத்துப் பையன் ஒருவன், சாரின் பழைய மாணவன், நன்றியுரை எழுதி வந்தான். தகப்பன் இல்லாத தன்னைப் படிக்க வைத்தவர் கிராணி. ‘ஹி லுக்டு ஆஃப்டர் மீ லைக் எ ஃபாதர்’ என்று அழகாகத்தான் எழுதியிருந்தான். மேடை ஏறும் முன் சாரின் முகம் ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்தான். ஒலிபெருக்கியில் ‘ஆஸ் எ ஃபாதர்’ என்று கணீரென்று வந்தது.

ஆங்கிலம் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிராணியின் மனைவி, தைப்பிங் கான்வென்ட்டில் படித்தவர், கணவரைப் பார்த்தார். சிரிப்பு இல்லாத பார்வை.

சார் முன் வரிசையிலிருந்து எழுந்தார். “லைக்! லைக் எ ஃபாதர்!” என்று கத்தினார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொல்லுக்காக வாதாடினார். பையனுக்குப் புரியவில்லை. “சார், நீங்கதானே லைக் போடாதேன்னு சொன்னீங்க?” என்று மைக்கிலேயே கேட்டான். கிராணி பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மனைவிக்குத் தமிழில் விளக்க ஆரம்பித்தார்.