98.6 உள்ளே இருக்கிறதா?

கேள்வி: 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டாயிற்று. அப்புறமும் கருதுகோள் சோதனை எதற்கு? ஒரே வேலைக்கு இரண்டு கூலியா?

பதில்: வேலையும் ஒன்று, கூலியும் ஒன்றுதான்! உடலின் சராசரி வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் சொன்னார். புள்ளியியல் வகுப்புகளில் புழங்கும் 130 பேரின் அளவீடுகளில் சராசரி 98.25, அதன் 95 சதவீத இடைவெளி 98.12 முதல் 98.38 வரை. 98.6 அதற்குள் இல்லை. எனவே 5 சதவீத மட்டத்தில் நடத்தும் இருபக்கச் சோதனையும் அதை நிராகரித்தே தீரும். காரணம், அந்தச் சோதனை எந்தெந்த மதிப்புகளை நிராகரிக்காமல் விடுகிறதோ, அவற்றின் தொகுப்புதான் இந்த இடைவெளி.

98.3 உள்ளே இருக்கிறதே, அதுதான் உண்மையா? 98.2-உம் உள்ளேதான் இருக்கிறது. இரண்டுமே எப்படிச் சரியாகும்? உள்ளே இருந்தால் நிராகரிக்க ஆதாரம் போதவில்லை என்று மட்டுமே பொருள். ஒருபக்கச் சோதனைக்கு இந்த இடைவெளியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். இருபக்கச் சோதனையின் மட்டம் 1 சதவீதம் என்றால் 99 சதவீத இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.