அம்மாவுக்கு நாற்பது வீதம்

கலியாணம் கட்டினால் காப்புறுதிப் பொலிசியில் நொமினியும் தானாக மாறிவிடும் என்று மன்னாரில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாறாது. கோயிலில் சுவாமி ஆசீர்வதித்தது கொழும்பில் தூங்கும் கோப்புக்கு எப்படித் தெரியும்? வேலை கிடைத்த புதிதில் அம்மாவின் பெயரைப் போட்டிருந்தால், நாம் எழுதிக் கொடுக்கும்வரை அங்கே அம்மாதான்.

நானும் எழுத உட்கார்ந்தேன். "மேற்படி பொலிசியில் நொமினியாக உள்ள எனது தாயாரை நீக்கி" என்று வாய்விட்டு வாசித்ததுதான் தாமதம், கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தா.

"ஆரை நீக்கிறாய்?"

நல்ல வேளை, எங்கள் கம்பனியின் படிவத்தில் ஒருவருக்கு மேல் எழுத இடமிருந்தது. பங்குகளைக் கூட்டினால் சரியாக 100 வரவேண்டும், அவ்வளவுதான். மனைவிக்கு 60, அம்மாவுக்கு 40 என்று போட்டேன்.

"அப்ப இனி உனக்கு மீன்குழம்பும் நாப்பது வீதந்தான்" என்றா அம்மா.

அடுத்தது இணைப்புகள். கோயிலில் தந்த விவாகச் சான்றிதழ் அழகாகத்தான் இருந்தது. முகவர் அதைத் திருப்பித் தந்து, பிரதேச செயலகத்தில் விவாகப் பதிவின் பிரதி எடுத்து வரச் சொன்னார். அதை எடுத்து, இருவரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் வைத்து, தபால் கந்தோர் வாசலில் நின்ற கழுதைகளை விலக்கிக்கொண்டு பதிவுத் தபாலில் போட்டேன்.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது: படிவத்தில் உள்ள மனைவியும் அடையாள அட்டையில் உள்ள மனைவியும் ஒருவர்தானா? விவாகப் பதிவைப் பார்த்துப் படிவத்தில் பழைய இலக்கத்தை எழுதியிருந்தோம். ஒன்பது இலக்கமும் ஒரு 'வி'யும். புதிய அட்டையிலோ பன்னிரண்டு இலக்கம். உண்மையில் இரண்டும் ஒன்றே. பழையதன் முன்னால் 19 சேரும், நடுவே ஒரு பூச்சியம் நுழையும், 'வி' விடைபெறும். ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம், வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த என் மனைவி அரசாங்கக் கணக்கில் 532ஆம் நாள் பிறந்தவள். இரண்டு இலக்கத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி விளக்கம் அனுப்பினேன்.

துணிந்த ஒருவர் இத்துடன் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். பதிவுத் தபால் துண்டு, கடிதம் அனுப்பியதற்குத்தான் சாட்சி. மாற்றத்தைப் பதிவுசெய்ததாகக் கம்பனி எழுத்தில் உறுதிப்படுத்தி, அதைப் பொலிசியோடு சேர்த்து வைக்கும்வரை பழைய பெயரே நிற்பதாக எடுத்துக்கொள்வதுதான் புத்தி. அந்தக் கடிதமும் ஒருநாள் வந்தது. பங்கு சரி, இலக்கம் சரி. மனைவியின் பெயரில் மட்டும் ஓர் ஆங்கில எழுத்து கூடுதல்.

"அம்மாவின்ர பெயர் சரியா இருக்கோ?" என்று அம்மா கேட்டா. சரியாக இருந்தது. திருத்தக் கடிதம் எழுத, பேனையை அவவே எடுத்துத் தந்தா.