29 மதிப்பெண் வாங்கிய வளர்ச்சி விரும்பி

முதலீட்டு ஆலோசகர் நீட்டும் ரிஸ்க் வினாத்தாளைப் போல மனிதரை அறிந்த நூல் உலகத்தில் இல்லை. முப்பது வருடம் கூடவே வாழ்ந்த மனைவிக்குப் பிடிபடாத ஆளைக்கூட அது கால்மணி நேரத்தில் பிடித்துவிடும். எட்டோ பத்தோ கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து விடைகள். டிக் அடித்துக்கொண்டே போனால் கீழே ஒரு கூட்டல், கூட்டலுக்கு எதிரே ஒரு பட்டம்: பாதுகாப்பு விரும்பி, மிதமானவர், வளர்ச்சி விரும்பி, துணிச்சல்காரர். பட்டம் வாங்கப் படிக்கவே வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும்.

இந்த வினாத்தாளுக்குச் சட்டத்தின் ஆசீர்வாதமும் உண்டு. செபி 2013-ல் கொண்டுவந்த முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளில் 16-வது விதி முழுக்க இதற்காகவே எழுதப்பட்டது. வயது, வருமானம், சொத்து, கடன், பணம் எதற்காக, எத்தனை காலத்துக்கு என்பதையெல்லாம் ஆலோசகர் கேட்டறிய வேண்டும். நஷ்டத்தைத் தாங்கும் மனம் இருக்கிறதா, தாங்கும் வசதி இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். கேள்விகள் குழப்பமாக இருக்கக்கூடாது. 'இல்லாமல் இல்லை' என்பது போன்ற இரட்டை எதிர்மறை கூடாது. விடையைத் தானே எடுத்துக்கொடுக்கும் கேள்வி கூடாது. சில விடைகளுக்கு அளவுக்கு மீறிய எடை தரக்கூடாது. இத்தனை துல்லியமாகக் கூடாதவற்றைப் பட்டியல் போடத் தெரிந்தவர்கள், அப்படிப்பட்ட வினாத்தாள்களை ஏராளமாகப் படித்து ரசித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இனி அதன் மேதைமையை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்கர் என்று வைத்துக்கொள்வோம். வயது 54, ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம். கையில் சேமிப்பு 40 லட்சம், வீட்டுக் கடன் பாக்கி 11 லட்சம். வீட்டில் மனைவி, வயதான அம்மா, மகள். ஒன்றரை வருடத்தில் மகள் கல்யாணம், அதற்கு 18 லட்சம் வேண்டும். சந்தை ஏறிக்கொண்டிருக்கும் ஒரு மாதத்தில் அவர் ஆலோசகர் முன்னால் உட்காருகிறார்.

வழக்கமான பாணியில் எட்டுக் கேள்வி, கேள்விக்கு ஐந்து மதிப்பெண். வயதுக்கு 2. தன்னை நம்பி மூன்று பேர் என்றதற்கு 2. கடன் இருப்பதால் அதற்கும் 2. நிரந்தரச் சம்பளத்துக்கு 4. 'இந்தப் பணம் எப்போது தேவைப்படும்?' என்ற கேள்விக்கு அவர் ஓய்வுக்காலத்தை நினைத்துக்கொண்டு 'ஐந்து ஆண்டுக்கு மேல்' என்று டிக் அடித்தார். அதற்கு முழுசாக 5. பிஸினஸ் பேப்பர் படிக்கிறவர் என்பதால் சந்தை அறிவுக்கு 4. 'சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?' 'இன்னும் வாங்குவேன்' என்றார், 5. 'எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கிறீர்கள்?' இருப்பதிலேயே பெரிய எண்ணைக் காட்டினார், அதற்கும் 5. கூட்டினால் 40-க்கு 29. அட்டவணைப்படி 23 முதல் 30 வரை 'வளர்ச்சி விரும்பி'. ஆகவே 70 சதவீதம் ஈக்விட்டி ஃபண்டில், மீதி 30 சதவீதம் கடன் பத்திர ஃபண்டில். அதாவது 28 லட்சம் அங்கே, 12 லட்சம் இங்கே.

இந்தக் கூட்டலின் கருணையைக் கவனியுங்கள். வயது, குடும்பம், கடன் ஆகிய மூன்றும் அவரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதைச் சொல்பவை. மூன்றும் சேர்ந்து 15-க்கு 6 வாங்கின. சந்தை அறிவு, துணிவு, ஆசை ஆகிய மூன்றும் அவர் எவ்வளவு தாங்க விரும்புகிறார் என்பதைச் சொல்பவை; அவை 15-க்கு 14 வாங்கின. வினாத்தாள் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியது. ஆசை முன்வந்து கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது. வங்கிக்காரர் இந்த ஜாமீனை ஏற்பாரா என்று கேட்பது பண்பல்ல.

இந்த விஷயத்தில் நம் ஊர் ஜோசியர் மிகவும் பின்தங்கியவர். பத்துப் பொருத்தம் பார்ப்பார்; ஒன்பது பொருந்தியிருக்கும்; ரஜ்ஜு இல்லையென்றால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 'பத்துக்கு ஒன்பது, 90 சதவீதம், முதல் வகுப்பு' என்று சொல்லும் அளவுக்கு அவருக்குக் கணக்கு வராது. சில விஷயங்களைக் கூட்டக்கூடாது, இருப்பதில் குறைந்ததே முடிவு சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நம்புகிறார். தாங்கும் மனம் 14 என்றாலும் தாங்கும் வசதி 6 என்றால் விடை 6-தான் என்பார். நல்லவேளை, அவருக்கு ஆலோசகர் உரிமம் இல்லை.

வினாத்தாளின் மகுடம் அந்த 20 சதவீதக் கேள்விதான். நாற்காலியில் சாய்ந்து, காபி குடித்துக்கொண்டு, வராத ஒரு சரிவை எதிர்கொள்ளும் வீரத்தை அது அளக்கிறது. அதையும் சதவீதத்தில் கேட்கிறது பாருங்கள், அது ஒரு நாகரிகம். 'உங்கள் 40 லட்சத்தில் 8 லட்சம் காணாமல் போனால் என்ன செய்வீர்கள்? அதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டிருந்தால் கணக்கரின் பேனா சற்று நின்றிருக்கும். 'இன்னும் வாங்குவேன்' என்கிறாரே, எந்தப் பணத்தில் என்ற அநாகரிகமான துணைக் கேள்வியும் அதில் கிடையாது.

வினாத்தாள் எதையுமே பிடிப்பதில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். '20 சதவீதம் விழுந்தால் எல்லாவற்றையும் விற்றுவிடுவேன்' என்று ஒருவர் டிக் அடித்தால் அதை அப்படியே நம்பலாம். அறிமுகமில்லாத ஆலோசகர் முன்னால் யாரும் பயத்தை நடிப்பதில்லை, தைரியத்தைத்தான் நடிப்பார்கள். முன்னுக்குப்பின் முரணாக விழுந்த இரண்டு டிக்குகளும் மதிப்புள்ளவை. 'மூலதனம் குறையவே கூடாது' என்று ஓரிடத்திலும் 'அதிகபட்ச வருமானம் வேண்டும்' என்று இன்னோரிடத்திலும் ஒருவர் எழுதினால், உட்கார்ந்து பேச வேண்டிய ஆள் இவர் என்று தாள் தெளிவாகவே காட்டுகிறது. ஆனால் கூட்டல் அந்த முரணுக்கு 1-ம் 5-ம் போட்டு, சராசரி 3 என்று சமாதானம் செய்துவிடுகிறது. பேச வேண்டிய நேரம் மிச்சம்.

2020-ஐ நினைத்துக்கொள்வோம். ஜனவரி நடுவில் சென்செக்ஸ் 41,900-ஐத் தாண்டி நின்றது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 25,981-ல் முடிந்தது. உச்சியிலிருந்து சுமார் 38 சதவீதச் சரிவு. வினாத்தாள் 20 சதவீதம் வரைக்கும்தான் கேட்டிருந்தது. மீதி 18 சதவீதத்தைச் சந்தை தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்தது. நவம்பரில் குறியீடு பழைய உச்சியைக் கடந்தது. காத்திருக்க முடிந்தவர்களுக்கு அது ஒரு கெட்ட கனவு, அவ்வளவுதான்.

அதே அளவு சரிவு நம் கணக்கருக்குக் கல்யாணத்துக்குச் சற்று முன் வந்தால்? 28 லட்சம் 17.36 லட்சமாகும். கல்யாணத்துக்கு 18 லட்சம். கடன் பத்திர ஃபண்டில் இருந்த 12 லட்சத்தையும் எடுத்து, போதாமல் 6 லட்சத்துக்கு ஈக்விட்டியை அடிமட்ட விலையில் விற்கிறார். மிச்சம் 11.36 லட்சம். பிறகு சந்தை பழைய உச்சிக்கே திரும்பினாலும் அது 18.32 லட்சம்தான் ஆகும். சரிவே வராமலிருந்தால் கல்யாணம் போகக் கையில் 22 லட்சம் இருந்திருக்கும். 3.68 லட்சம் போனது போனதுதான். அவர் பயந்து விற்கவில்லை. வினாத்தாள் சான்று கொடுத்த துணிச்சல் கடைசிவரை அவரிடம் இருந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய தேதியும் இருந்தது. 18 லட்சத்தை முதலிலேயே வங்கி வைப்பில் போட்டுவிட்டு, மீதி 22 லட்சத்துக்கு மட்டும் ரிஸ்க் பேசியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு மதிப்பெண் என்பதுதான் வினாத்தாளின் இலக்கணம். கல்யாணப் பணத்துக்கு ஒரு பதில், ஓய்வுக்காலப் பணத்துக்கு வேறு பதில் என்று ஒரே மனிதர் இரண்டாகப் பிரிந்து நிற்பதை அது அனுமதிப்பதில்லை.

வெளிநாட்டிலும் இதன் புகழ் பரவியிருக்கிறது. பிரிட்டனின் நிதிச் சேவைக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் இத்தகைய 11 கருவிகளைச் சோதித்து, 9-ல் கோளாறு இருக்கிறது என்றது. கனடாவில் ஃபோர்ஸ்டர், லின்னைன்மா, மெல்ட்சர், பிரெவிடேரோ என்ற நான்கு ஆய்வாளர்கள் ஆலோசகர்களின் வாடிக்கையாளர் கணக்குகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒருவர் பணத்தில் எத்தனை பங்கு ரிஸ்க்கான முதலீட்டில் இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதல்லவா? அந்த வேறுபாட்டில் வாடிக்கையாளரின் வயது, வருமானம், சொத்து, ரிஸ்க் விருப்பம் எல்லாம் சேர்ந்து விளக்கியது 12 சதவீதம்தான். ஆலோசகர் யார் என்பதையும் சேர்த்தால் அது 30 சதவீதமாக உயர்ந்தது. ஆலோசகர் தன் சொந்தப் பணத்தை எப்படிப் போட்டிருக்கிறாரோ, அதன் சாயல் வாடிக்கையாளர் பணத்திலும் வலுவாகத் தெரிந்தது. விடைகளை எழுதுவது வாடிக்கையாளர் என்றாலும், எதிரே உட்கார்ந்திருப்பவரின் உள்ளத்தையே படம்பிடிக்கும் இந்த நுட்பத்தை எப்படிப் புகழ்வது?

எல்லாவற்றுக்கும் மேலாக அதன் விசுவாசம். சரிவு வந்து, வாடிக்கையாளர் ஓடிவந்து கேட்டால், ஆலோசகர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கோப்பைத் திறந்தால் தாள் பேசும்: 'துணிச்சலாக இருப்பேன் என்று நீங்கள்தானே எழுதினீர்கள், இதோ கையெழுத்து.' வாடிக்கையாளரின் பணத்தை அது காப்பாற்றுவதில்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். பாவம், யாரைக் காப்பாற்ற அது அச்சடிக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே அடுத்த முறை உங்கள் முன்னால் அதை நீட்டினால் மரியாதையாக வாங்கி எல்லாக் கேள்விக்கும் விடை எழுதுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், கீழே காலியாக இருக்கும் இடத்தில் மூன்று வரி மட்டும் சேருங்கள்: ஐந்து வருடத்துக்குள் வரவிருக்கும் பெரிய செலவுகள், தேதியோடும் தொகையோடும்; சம்பளம் நின்றால் எத்தனை மாதம் சமாளிக்க முடியும்; இந்தப் பணத்தில் எத்தனை ரூபாய் குறைந்தால் வீட்டில் சண்டை வரும். இந்த மூன்றுக்கும் மதிப்பெண் கிடையாது. ஆலோசகர் அந்த வரிகளைப் படித்துவிட்டு பட்டத்தை மாற்றினால் அவரிடம் பணத்தைக் கொடுங்கள். கூட்டல் மாறாது என்று சொன்னால், பேனாவை மூடிவிட்டு எழுந்து வாருங்கள்.